பாத்ரூமை மாற்றும் முன் அசோசியேஷனிடம் என்ன கொடுக்க வேண்டும்? 71 நாள் பட்ட பாடு

அம்மாவுக்கு இரண்டு முழங்காலிலும் ஆபரேஷன் ஆன பிறகு, இனிமேல் என்னோடுதான் இருக்க வேண்டும் என்று முடிவு செய்தோம். எங்கள் வீடு மடிப்பாக்கத்தில், 2006-ல் கட்டிய அடுக்குமாடியில் மூன்றாவது மாடி. மொத்தம் 24 வீடுகள். பொது பாத்ரூம் 7 அடிக்கு 4 அடி. உள்ளே இந்தியன் க்ளோசெட், மூலையில் ஒரு வாஷ்பேசின், ஏறி இறங்க நாலு அங்குலப் படி. இதில் எதுவுமே அம்மாவுக்கு ஒத்துவராது. வெஸ்டர்ன் க்ளோசெட் வைக்க வேண்டும், படியை எடுக்க வேண்டும், நாற்காலி போட்டுக் குளிக்க இடம் வேண்டும். அதனால் பக்கத்து அறைச் சுவரை இடித்து இரண்டடி தள்ளிக் கட்டி, பாத்ரூமை 7க்கு 6 ஆக்கிவிடலாம் என்று காண்ட்ராக்டர் சொன்னார். எனக்கும் நல்ல யோசனையாகத்தான் பட்டது. மொத்தம் 2,35,000 ரூபாய், 18 நாள் வேலை, அட்வான்ஸ் 90,000.

அசோசியேஷன் அனுமதி பற்றி நான் நினைக்காமல் இல்லை. செக்ரட்டரி சாருக்குப் போன் செய்து, "சார், அம்மாவுக்காக பாத்ரூமில் கொஞ்சம் வேலை செய்யப் போறோம்" என்றேன். "செய்யுங்கம்மா, ஞாயிற்றுக்கிழமை மட்டும் இடிக்க வேண்டாம்னு சொல்லிடுங்க" என்றார். அனுமதி கிடைத்துவிட்டது என்று நான் எடுத்துக்கொண்டேன். அவர் மனதில் இருந்தது டைல்ஸ் மாற்றுவது. என் மனதில் இருந்தது சுவரைத் தள்ளுவது. இரண்டுக்கும் நடுவில் ஒரு காகிதம்கூட இல்லை. பிறகு வந்த எல்லாச் சங்கடமும் அந்த இரண்டு நிமிடப் போனில் தொடங்கியதுதான்.

முதல் இரண்டு நாள் டைல்ஸ் உடைத்து, உள்ளே நிரப்பியிருந்த செங்கல் ஜல்லியை அள்ளினார்கள். மூன்றாம் நாள், சுவரை இடித்துவிட்டு, புதிதாகச் சேர்த்த இரண்டடி இடத்தின் தரையைக் கொத்த ஆரம்பித்தார் மேஸ்திரி. ஏன் என்று கேட்டதற்கு, "ரூம் தரை மட்டம் ஒசரமா இருக்கு மேடம், ஒன்றரை அங்குலம் இறக்கினாத்தான் தண்ணிக்கு வாட்டம் கிடைக்கும்" என்றார். எனக்கு அது நியாயமாகத் தெரிந்தது. நாலாம் நாள் காலை பத்தரை மணிக்குக் கீழ்வீட்டு அக்கா மேலே வந்தார். கத்தவில்லை. கையில் ஒரு முறம். அதில் இரண்டு கையளவு சுண்ணாம்பும் பூச்சும். "எங்க பூஜை ரூம் சீலிங்லேர்ந்து விழுந்தது, சாமி படம் மேல" என்றார். நான் கீழே ஓடிப் போய்ப் பார்த்தேன். என்னுடைய அந்த இரண்டடி இடத்துக்கு நேர் கீழே அவர்களுடைய பூஜை அலமாரி இருந்தது. எட்டு வருடம் அதே கட்டடத்தில் இருக்கிறேன், அந்த வீட்டுக்குள் எத்தனையோ தடவை போயிருக்கிறேன், என் பாத்ரூமை எதன் மேல் நீட்டப் போகிறேன் என்று ஒரு நொடி கூட யோசித்ததில்லை. விளக்கேற்றும் இடத்துக்கு மேலே குளியல் தண்ணீர் நிற்கப் போகிறது என்பது எனக்கே தாங்கவில்லை. அவருக்கு எப்படி இருந்திருக்கும்.

அரை மணி நேரத்தில் செக்ரட்டரியும் தலைவரும் வந்தார்கள். கொத்திய இடத்தில் இரண்டு கம்பி வெளியே தெரிந்தது. "வேலையை நிறுத்துங்க" என்று வாய்வழியாகச் சொன்னார்கள், மறுநாள் எழுத்துமூலமாகவும் கொடுத்தார்கள். எனக்குக் கோபம்தான் வந்தது. போனில் சரி என்று சொல்லிவிட்டு இப்போது நிறுத்துகிறார்களே, அம்மாவின் நிலைமை இவர்களுக்குப் புரியாதா என்று அழுதேன். அன்று இரவுதான் வீடு வாங்கும்போது கொடுத்த பைலா புத்தகத்தை முதல் தடவையாகத் திறந்தேன். ஸ்லாப், பீம், தூண், குழாய்களுக்காக மேலிருந்து கீழ்வரை விட்டிருக்கும் டக்டில் ஓடும் குழாய்கள் எல்லாம் பொதுச் சொத்து, எழுத்துமூல அனுமதி இல்லாமல் யாரும் தொடக்கூடாது என்று இருந்தது. வீட்டுக்குள் இருக்கிறது என்பதால் தரை என்னுடையது என்று நினைத்திருந்தேன். டைல்ஸ் என்னுடையது. அதன் கீழே இருக்கும் கான்கிரீட் என்னுடையது மட்டும் அல்ல, ஏனென்றால் என் தரைதான் அக்கா வீட்டுக் கூரை.

அசோசியேஷன், ஒரு ஸ்ட்ரக்சுரல் இன்ஜினியரைக் கூட்டிவந்து காட்டி, அவர் எழுதிக் கொடுத்தால்தான் மேற்கொண்டு பேசுவோம் என்றது. தெரிந்தவர் மூலம் ஒருவரைப் பிடித்தேன், கட்டணம் 9,000 ரூபாய். அவர் என் வீட்டில் இருபது நிமிடம், கீழ்வீட்டில் நாற்பது நிமிடம் இருந்தார். அது ஏன் என்று அப்போது புரியவில்லை. பிறகு உட்கார வைத்து அவர் விளக்கியதைத்தான் இங்கே எழுத வேண்டும் என்று நினைத்தேன்.

பாத்ரூம் இருக்கும் இடத்தில் ஸ்லாப் மற்ற இடத்தைவிட ஒரு அடி தாழ்வாக இறக்கிப் போட்டிருப்பார்கள். இதைத்தான் சன்கன் ஸ்லாப் என்கிறார்கள். கீழ்வீட்டு பாத்ரூமுக்குள் நின்று மேலே பார்த்தால் சீலிங் தாழ்ந்திருப்பது தெரியும். அந்த ஒரு அடிப் பள்ளத்துக்குள்தான் கழிவுக் குழாய்கள் படுத்திருக்கும், வாட்டர் ப்ரூஃபிங் பூசியிருக்கும், மேலே நிரப்பி டைல்ஸ் ஒட்டியிருப்பார்கள். எங்காவது கசிந்தாலும் தண்ணீர் அந்தத் தொட்டிக்குள்தான் தேங்கும், அதற்குக் கீழேயும் இன்னொரு பாத்ரூம்தான். நான் நீட்டிய இரண்டடியில் இந்தத் தொட்டியே கிடையாது. ஐந்து அங்குல ஸ்லாப், அதன் மேல் தரை, அவ்வளவுதான். அதைக் கொத்தி ஒன்றரை அங்குலம் இறக்கினால் ஸ்லாப்பின் கனம் அந்த அளவு குறைகிறது. அதுவும் பீமை ஒட்டிய இடத்தில் மேல்கம்பி ஓடும், அதைத்தான் மேஸ்திரி வெளியே கொண்டுவந்துவிட்டார். கம்பி மேல் ஈரம் பட்டால் துரு ஏறும், துரு ஏறினால் கம்பி உப்பும், உப்பினால் கான்கிரீட் பிளக்கும். "வாட்டர் ப்ரூஃபிங் எவ்வளவு நல்லா பண்ணாலும், ஈர இடத்துக்குக் கீழ ஈர இடம்தான் இருக்கணும். உலர்ந்த ரூமுக்கு மேல ஈர இடத்தை இழுக்கக் கூடாது. எந்த அசோசியேஷனும் இதுக்குச் சம்மதிக்கக் கூடாது, நீங்களும் கேட்கக் கூடாது" என்றார். காண்ட்ராக்டர் என்னிடம் இதைச் சொல்லவே இல்லை. அவர் கெட்டவர் என்று சொல்லமாட்டேன். அவர் பார்த்தது என் வீட்டுத் தரையை மட்டும்.

ஆகவே நீங்கள் இப்படி ஒரு வேலை யோசித்தால், டிசைன் போடுவதற்கு முன்பே கீழ்வீட்டுக்குப் போய் நின்று அண்ணாந்து பாருங்கள். சீலிங் எங்கிருந்து எதுவரை தாழ்ந்திருக்கிறது என்று டேப் வைத்து அளந்து வாருங்கள். உங்கள் ஷவர், க்ளோசெட், தண்ணீர் ஓடும் தரை எல்லாம் அந்த அளவுக்குள் அடங்க வேண்டும். சில பழைய கட்டடங்களில் ஸ்லாப்பை இறக்கியிருக்கவே மாட்டார்கள். மேல்வீட்டுக் கழிவுக் குழாய் கீழ்வீட்டு பாத்ரூம் சீலிங்கில் வெளிப்படையாகத் தொங்கும். அப்படி இருந்தால் உங்கள் குழாயைத் தொடுவதற்கே கீழ்வீட்டுக்காரர் கதவு திறந்துவிட வேண்டும். அவர் சம்மதம் இல்லாமல் அசோசியேஷன் கடிதத்தை மட்டும் வைத்து ஒன்றும் செய்ய முடியாது.

வேலை நின்றது 46 நாள். அம்மா அண்ணன் வீட்டில் ஹாலில் கட்டில் போட்டுப் படுத்திருந்தாள். நாங்கள் மீதி நாலு பேரும் ஒரே பாத்ரூமில். இந்த 46 நாளில் பாதி, கீழ்வீட்டுச் சீலிங் பற்றிய வாக்குவாதத்திலேயே போனது. பூஜை அறையில் பூச்சு விழுந்தது என்னால்தான், அதில் சந்தேகமில்லை. ஆனால் அவர்கள் பாத்ரூம் சீலிங்கிலும் ஒரு பழுப்புக் கறை இருந்தது, அதுவும் இப்போது வந்ததுதான் என்றார்கள். எனக்கு அது பழைய கறை போலத்தான் தெரிந்தது, ஓரத்தில் உப்புப் பூத்துக் காய்ந்திருந்தது. ஆனால் நிரூபிக்க என்னிடம் என்ன இருக்கிறது? வேலைக்கு முன் ஒரு போட்டோ எடுத்திருந்தால் பேச்சே இல்லை. இரண்டு இடத்தையும் சேர்த்துப் பூசி பெயிண்ட் அடித்துக் கொடுத்தேன், 18,500 ரூபாய். கம்பிகளைச் சுத்தம் செய்து, துருத் தடுப்பு பூசி, மைக்ரோ கான்கிரீட் போட்டு ஸ்லாப்பைப் பழையபடி நிரப்பி, சுவரைப் பழைய இடத்திலேயே கட்ட 34,000. முதல் தடவை இடித்த கூலி, போட்டுவிட்டுக் கழற்றி எறிந்த குழாய், புதுச்சுவர் செங்கல் என்று காண்ட்ராக்டர் கணக்கில் போனது 41,000. ஆக 93,500 ரூபாய், எந்தப் பலனும் இல்லாமல். இன்ஜினியர் கட்டணத்தை நான் இதில் சேர்க்கவில்லை, அது முதலிலேயே செய்திருக்க வேண்டிய செலவு.

இரண்டாவது தடவை எப்படி விண்ணப்பித்தேன் என்பதை விரிவாகவே சொல்கிறேன். கடிதத்தில் "பாத்ரூம் புதுப்பிக்க அனுமதி" என்று எழுதவில்லை. வீட்டு எண், எந்த பாத்ரூம், என்னென்ன இடிக்கப்படும், என்னென்ன தொடப்படாது, எந்தத் தேதி முதல் எந்தத் தேதி வரை, யார் செய்கிறார்கள் என்று எழுதினேன். தொடப்படாதவை என்ற பகுதிதான் கமிட்டியை அமைதிப்படுத்தியது. ஸ்லாப் கொத்தப்படாது, பீமில் துளை போடப்படாது, டக்டில் இருக்கும் பொதுக் குழாயின் அளவும் இடமும் மாறாது என்று மூன்று வரி. கமிட்டியில் இருக்கிறவர்கள் இன்ஜினியர்கள் அல்ல, நம்மைப்போல் வேலைக்குப் போகிறவர்களும் ஓய்வு பெற்றவர்களும்தான். அவர்களுடைய பயம் என்ன என்று தெரிந்து அதற்கு நேராகப் பதில் எழுதிவிட்டால் கேள்வி குறைகிறது.

கடிதத்தோடு இரண்டு வரைபடம். ஒன்று இப்போது இருப்பது, இன்னொன்று வரப்போவது, இரண்டும் ஒரே அளவில். அழகான முப்பரிமாணப் படம் யாருக்கும் வேண்டாம், அதைக் காட்டி ஒரு பயனும் இல்லை. க்ளோசெட் எங்கே, தரைத் தண்ணீர் இறங்கும் நஹானி ட்ராப் எங்கே, அங்கிருந்து டக்டுக்குக் குழாய் எந்த வழியாகப் போகிறது, எந்தப் பக்கம் வாட்டம் என்று அம்புக்குறி, இவைதான் வேண்டும். க்ளோசெட் குழாய் நாலு அங்குலம், குளிக்கும் தண்ணீர்க் குழாய் மூன்று அங்குலம், இரண்டும் டக்டில் தனித்தனி லைன் என்பதையும் வரைந்து காட்டினேன். க்ளோசெட்டை டக்ட் சுவரிலிருந்து எவ்வளவு தள்ளுகிறீர்களோ அவ்வளவு வாட்டம் வேண்டும். நாற்பது அடிக்கு ஒரு அடி இறக்கம் என்ற கணக்கில் மூன்றடி தள்ளினால் கிட்டத்தட்ட ஒரு அங்குலம் இறங்க வேண்டும். பள்ளத்துக்குள் அதற்கு ஆழம் இருக்கிறதா என்று வரைபடத்திலேயே தெரிந்துவிடும். எங்களுக்கு அந்தப் பிரச்சினை வரவில்லை, ஏனென்றால் பழைய க்ளோசெட் இருந்த அதே சுவரோரத்தில்தான் புதியதையும் வைத்தோம்.

அம்மாவுக்கு இடம் எப்படிக் கிடைத்தது என்று கேட்பீர்கள். அதையும் இன்ஜினியரே சொன்னார். வாஷ்பேசினை பாத்ரூமுக்கு வெளியே, அதே சுவரின் மறுபக்கத்தில் வைத்து, அதன் கழிவுக் குழாயைச் சுவர் வழியாக உள்ளே கொண்டுவந்து பள்ளத்துக்குள் இருக்கும் குழாயிலேயே சேர்த்தோம். உள்பக்கம் திறந்த கதவை வெளிப்பக்கம் திறக்க வைத்தோம். இவ்வளவுதான். ஒரு நாற்காலியும் பிடிமானக் கம்பியும் தாராளமாக வந்துவிட்டன. சுவரை நகர்த்தவே தேவை இருந்திருக்கவில்லை என்பதை நினைத்தால் இன்றும் மனது வலிக்கிறது.

மூன்றாவது காகிதம் இன்ஜினியரின் கடிதம். நேரில் வந்து மேலும் கீழும் பார்த்தேன், உத்தேசித்த வேலையால் ஸ்லாப்புக்கும் பீமுக்கும் பாதிப்பில்லை, நிரப்பும் பொருளின் எடை பழையதைவிட அதிகமாகாது என்று தேதி, கையெழுத்து, பதிவு எண்ணோடு. இந்த எடை விஷயம் எனக்குப் புதிது. 7க்கு 4 பாத்ரூமில் ஒரு அடி ஆழம் என்றால் 28 கன அடி. செங்கல் ஜல்லியும் கலவையும் ஈரத்தோடு சேர்ந்து ஒரு டன்னுக்கு மேலேயே வரும். நாங்கள் ஜல்லிக்குப் பதில் லேசான ஏஏசி பிளாக் துண்டுகளைப் போட்டு நிரப்பினோம். அதேபோல வெளியே எடுத்த ரப்பிஷை மூட்டை கட்டி ஹாலில் ஒரே மூலையில் அடுக்கி வைத்திருந்தார்கள் முதல் தடவை. ஒரு டன்னை ஒரே இடத்தில் வைப்பதும் தப்புதான். தினமும் சாயங்காலம் கீழே இறக்கிவிட வேண்டும், லிஃப்டில் அல்ல, படி வழியாக. இதையும் கடிதத்தில் எழுதிக் கொடுத்தேன்.

நான்காவது வாட்டர் ப்ரூஃபிங் முறை. "வாட்டர் ப்ரூஃபிங் செய்யப்படும்" என்ற ஒற்றை வரியை ஏற்காதீர்கள், கொடுக்கவும் செய்யாதீர்கள். என்ன பூச்சு, எத்தனை கோட், சுவரில் எவ்வளவு உயரம், எத்தனை நாள் தண்ணீர் நிறுத்திப் பார்ப்பது என்று எழுத வேண்டும். எங்களுடையது சிமென்ட் கலந்த பாலிமர் பூச்சு, இரண்டு கோட், மூலைகளிலும் குழாய் நுழையும் இடங்களிலும் ஃபைபர் மெஷ் பதித்து. சுவரில் சாதாரண இடத்தில் ஒரு அடி, ஷவர் பக்கம் ஆறடி.

ஐந்தாவதுதான் எனக்கு மிக முக்கியமானது, கீழ்வீட்டுச் சம்மதமும் போட்டோக்களும். அக்காவிடம் வெறும் தாளில் கையெழுத்து வாங்கப் போகவில்லை. வரைபடத்தைக் கொண்டுபோய், பூஜை அறைப் பக்கம் ஒரு அங்குலம் கூட வராது என்று விரலை வைத்துக் காட்டினேன். பிறகு அவர், நான், செக்ரட்டரி மூன்று பேரும் நின்று அவர்கள் பாத்ரூம், பூஜை அறை, பக்கத்துப் படுக்கையறைச் சீலிங்குகளைப் போட்டோ எடுத்தோம். ஒவ்வொன்றிலும் அன்றைய செய்தித்தாள் தெரிகிற மாதிரி. பிரிண்ட் போட்டு மூன்று பேரும் பின்னால் கையெழுத்திட்டு, ஒரு செட் அவரிடம், ஒரு செட் அசோசியேஷன் ஃபைலில், ஒன்று என்னிடம். வேலையால் அவர்கள் வீட்டில் சேதம் வந்தால் என் செலவில் சரிசெய்வேன் என்ற உறுதிமொழியும் அதோடு. கீழ்வீட்டில் வாடகைக்கு இருப்பவர்கள் என்றால் உரிமையாளரிடமும் கையெழுத்து வாங்குங்கள், குடியிருப்பவர் மட்டும் போட்டால் போதாது.

மற்றவை எளிது. வேலையாட்களின் அடையாள அட்டை நகல், வேலை நேரம் காலை ஒன்பதரை முதல் மாலை ஐந்தரை, திருப்பித் தரக்கூடிய டெபாசிட் 25,000. டக்டில் மேலிருந்து வரும் தண்ணீர் லைனை மூடினால் எங்கள் வரிசையில் நாலு வீட்டுக்கும் தண்ணீர் நிற்கும். அதனால் எந்த நாள், எந்த இரண்டு மணி நேரம் என்று முந்தைய நாளே சொல்வதாக எழுதிக் கொடுத்தேன். முதல் தடவை ப்ளம்பர் சொல்லாமல் மூடியதில் முதல் மாடியில் ஒருவர் சோப்புப் போட்டபடி நின்றுவிட்டார், அந்தக் கோபமும் எனக்கு எதிராகத்தான் கமிட்டியில் பேசியது. எல்லாம் கொடுத்துப் பன்னிரண்டு நாளில், தலைவரும் செக்ரட்டரியும் கையெழுத்திட்டு முத்திரை குத்திய அனுமதி வந்தது. என் வரைபடத்தின் மேலேயும் முத்திரை குத்தச் சொல்லிக் கேட்டு வாங்கினேன். எதற்கு அனுமதி என்பது அந்தப் படத்தில்தான் இருக்கிறது. வாட்ஸ்அப்பில் வரும் "ஓகே"யை நம்பி சுத்தியலை எடுக்காதீர்கள்.

அனுமதியில் ஒரு நிபந்தனை இருந்தது. டைல்ஸ் ஒட்டுவதற்கு முன் இரண்டு தடவை தண்ணீர் நிறுத்தி, கமிட்டி ஆள் பார்த்துக் கையெழுத்திட வேண்டும். முதல் தடவை பூச்சு காய்ந்ததும், வெறும் பள்ளத்தில். இரண்டாவது தடவை நிரப்பி மேல் கலவை போட்டு அதன் மேலும் பூச்சு அடித்த பிறகு. நிரப்பும்போது கரண்டி பட்டோ, செங்கல் கூர் பட்டோ கீழ்ப்பூச்சு கிழிந்திருக்கலாம் என்பதற்காகத்தான் இரண்டாவது. ட்ராப் வாயையும், பள்ளத்திலிருந்து வெளியே போகும் மற்றக் குழாய் வாய்களையும் துணி சுற்றி அடைத்து, நாலு அங்குலத்துக்குத் தண்ணீர் விட்டு, நீர்மட்டத்தில் சுவரில் பென்சில் கோடு போட்டோம். பக்கத்தில் ஒரு அகலமான பக்கெட்டிலும் தண்ணீர் வைத்து அதிலும் கோடு. சென்னை வெயிலில் மூன்று நாளில் கொஞ்சம் ஆவியாகத்தான் செய்யும். பக்கெட்டிலும் பள்ளத்திலும் ஒரே அளவு குறைந்தால் கவலையில்லை, பள்ளத்தில் மட்டும் அதிகம் குறைந்தால் எங்கோ போகிறது என்று அர்த்தம். 72 மணி நேரம். தினமும் காலையில் அக்கா ஸ்டூலில் ஏறி டிஷ்யூ பேப்பரைச் சீலிங்கில் ஒற்றி எடுத்து எனக்குப் போட்டோ அனுப்புவார். மூன்றாம் நாள் போட்டோவில் வெள்ளையாக, காய்ந்தபடி இருந்த அந்த டிஷ்யூவைப் பார்த்ததும்தான் எனக்குத் தூக்கம் வந்தது.

இந்தச் சோதனை கழிவுப் பக்கத்துக்குத்தான். சுவருக்குள் ஓடும் சிபிவிசி குழாய்க்குத் தனிச் சோதனை உண்டு. டைல்ஸுக்கு முன், எல்லா வாயையும் அடைத்து, கைப்பம்பில் அழுத்தம் ஏற்றி, கேஜ் முள் இறங்குகிறதா என்று பார்ப்பது. எங்கள் ப்ளம்பர் முதலில் "அதெல்லாம் வேணாம் மேடம், ஒட்டு பக்காவா இருக்கு" என்றார். வைத்துப் பார்த்தபோது அரை மணி நேரத்தில் முள் இறங்கியது. டைவர்ட்டருக்குப் பின்னால் ஒரு எல்போவில் சொல்யூஷன் சரியாகப் பிடிக்கவில்லை. டைல்ஸ் ஒட்டிய பிறகு இது தெரிந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று யோசிக்கவே பிடிக்கவில்லை. ஒட்டை வெட்டிப் புதிதாகப் போட்டு, மறுநாள் காலை வரை முள் அசையாமல் நின்ற பிறகுதான் சுவரை மூட விட்டேன்.

இன்னொரு சின்ன விஷயம். பள்ளத்தின் அடிமட்டத்தில், டக்ட் பக்கம், ஒரு அங்குலக் குழாய்த் துண்டு ஒன்று வெளியே நீட்டிக்கொண்டிருந்தது. முதல் மேஸ்திரி அதைத் தேவையில்லாத ஓட்டை என்று நினைத்து சிமென்ட் வைத்து அடைத்துவிட்டார். அதை மறுபடி திறக்கச் சொன்னார் இன்ஜினியர். டைல்ஸ் இடுக்கு வழியாகக் காலப்போக்கில் கொஞ்சம் தண்ணீர் இறங்கத்தான் செய்யும், அது பள்ளத்துக்குள் தேங்காமல் இந்தக் குழாய் வழியாக டக்டில் சொட்டிவிடும். அதன் வாயில் வலை வைத்து, சுற்றிலும் பூச்சை மடித்து விட்டோம். டக்டில் அந்த இடம் சொட்டினால் என் பாத்ரூமில் கசிவு என்று எனக்குத் தெரியும், அக்காவின் சீலிங் நனைவதற்கு முன்பே தெரியும். உங்கள் பள்ளத்தில் அப்படி ஒன்று இருந்தால் அடைக்க விடாதீர்கள். இல்லையென்றால் புதிதாகத் துளை போடலாமா, எங்கே போடலாம் என்பதை இன்ஜினியர் சொல்லட்டும். அந்தப் பக்கம் பீம் இருந்தால் கூடாது.

அனுமதிக்குப் பின் வேலை 21 நாளில் முடிந்தது. முதல் நாலு, நின்ற 46, இந்த 21, மொத்தம் 71 நாள். டெபாசிட்டை உடனே திருப்பித் தரவில்லை. வேலை முடிந்து ஒரு மாதம் பாத்ரூமைப் புழங்கிய பிறகு, செக்ரட்டரி சார் டார்ச்சோடு அக்கா வீட்டுக்குப் போய், பழைய போட்டோக்களைக் கையில் வைத்துக்கொண்டு ஒவ்வொரு மூலையாக ஒப்பிட்டுப் பார்த்தார். நானும் கூடவே நின்றேன். பிறகுதான் செக் எழுதினார்.

போன வாரம் நாலாவது மாடியில் இருக்கும் தம்பி வந்து, அவர்களும் இந்தியன் க்ளோசெட்டை மாற்றப் போவதாகவும், என் ஃபைலை ஒரு நாள் தர முடியுமா என்றும் கேட்டார். அவர் பாத்ரூமுக்குக் கீழே இருப்பது என் பாத்ரூம். ஃபைலை எடுத்துக் கொடுத்துவிட்டு, "முதல்ல உள்ள வாப்பா, எங்க சீலிங்கைப் போட்டோ எடுத்துக்கோ" என்றேன். அம்மா உள்ளே குளித்துக்கொண்டிருந்தாள். அவள் வெளியே வரும் வரை இருவரும் ஹாலில் உட்கார்ந்து அவர் கொண்டுவந்த வரைபடத்தைப் பார்த்தோம். குழாய் எந்த வழியாகப் போகிறது என்று அதில் இல்லை. பேனாவைக் கையில் கொடுத்தேன்.